வலது கன்னத்தில் ஒரு மச்சம்

சிவகாசியில் ஓர் ஆப்செட் அச்சகத்தில் 11 வருஷமாக டிசைனிங் பார்க்கிறேன். காலண்டர், டைரி, கல்யாணப் பத்திரிகை, தேர்தல் வந்தால் போஸ்டர். இதில் பாதி வேலை மனுஷ முகங்களோடுதான். முகம் திரையில் வந்ததும் கை தானாக எங்கே போகும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பின்னால் நான் செய்த காரியம் வேண்டுமென்றே செய்ததுபோலத் தெரியும்.

அச்சில் நாலு மை. சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு. மனுஷத் தோலுக்கு மஞ்சளும் மெஜந்தாவும் தூக்கலாக இருக்கும், சயான் கொஞ்சம்தான். தோல் கறுக்கக் கறுக்க சயான் கூடும். வாடிக்கையாளர் வந்து புரூஃபைப் பார்த்துவிட்டு, "மூஞ்சி டல்லா இருக்கேப்பா" என்பார். அதற்கு எங்கள் அகராதியில் ஒரே அர்த்தம்தான்: சயானைக் குறை. குறைத்ததும் முகம் வெளுக்கும், அவர் சிரிப்பார், பில் போடலாம். 2020-ல் ஃபேர் அண்ட் லவ்லி கூடப் பெயரை மாற்றி க்ளோ அண்ட் லவ்லி ஆகிவிட்டது. எங்கள் கை மட்டும் மாறவில்லை.

2022 ஆவணியில் சித்தி வீட்டுப் பால்காய்ப்பு. விடியற்காலை நாலரைக்கு முகூர்த்தம். நான்தான் கேமராவோடு போயிருந்தேன். புது வீட்டில் ஒரு பக்கம் டியூப்லைட், இன்னொரு பக்கம் மஞ்சள் பல்பு, நடுவில் ஓமப் புகை. சித்தி மகள், வீட்டில் அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவோம், மாம்பழக் கலர் பட்டுச் சேலையில் நிலைவாசலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். யாரோ என்னவோ சொல்ல, திரும்பிச் சிரித்த நேரத்தில் ஒரு படம் எடுத்தேன். அன்றைக்கு எடுத்த முந்நூற்றுச் சொச்சம் படங்களில் அதுதான் முதல் தரம்.

ராத்திரி வீட்டுக்கு வந்து அதைத் திறந்து உட்கார்ந்தேன். பல்பு வெளிச்சத்தில் படம் முழுக்க ஆரஞ்சாக இருந்தது, அதைச் சரிசெய்தேன். அதுவரை தப்பில்லை. அப்புறம் முகத்தை மட்டும் தனியாகத் தேர்ந்தெடுத்து வெளுக்க வைத்தேன். தோலை லேசாக வழவழப்பாக்கினேன். தாடையில், உருவத்தை நெளிக்கிற லிக்விஃபை கருவியை வைத்து ஒரு நூல் உள்ளே தள்ளினேன். வலது கன்னத்தில் அவளுக்கு மிளகு அளவில் ஒரு மச்சம் உண்டு. ஸ்பாட் ஹீலிங் பிரஷால் ஒரு சொடுக்கு, மச்சம் போய்விட்டது. இன்னொரு சொடுக்கில் மூக்கோரம் ஏதோ மினுமினுப்பு போனது. அது அவளுடைய மூக்குத்தி என்று எனக்கு இரண்டு மாசம் கழித்துத்தான் தெரியும். அந்த பிரஷுக்கு மச்சம், மூக்குத்தி, பரு என்ற பேதமெல்லாம் கிடையாது. சுற்றியிருக்கும் தோலோடு ஒட்டாத எதுவும் அதற்குக் கறைதான்.

இருபது நிமிஷ வேலை. "எங்க வீட்டு மகாலட்சுமி" என்று எழுதி ஸ்டேட்டஸில் வைத்தேன், குடும்ப குரூப்பிலும் போட்டேன். நாற்பது பேர் இருக்கிற குரூப். பூங்கொத்து, கைகூப்பு, நெருப்பு எல்லாம் வரிசையாக வந்து விழுந்தன. பாப்பா மட்டும் ஒன்றும் போடவில்லை. கல்யாண வேலை மாதிரி அலைந்ததில் தூங்கியிருப்பாள் என்று நினைத்தேன். அவள் பேசாமல் இருந்ததைக் கவனித்தும் காரணத்தை நானே சொல்லிக்கொண்டேன் பாருங்கள், அதுதான் இப்போது நினைத்தால் உறுத்துகிறது.

ஐப்பசியில் அவளைப் பெண் பார்க்க வந்தார்கள். எங்கள் மாமா குரூப்பிலிருந்து அந்தப் படத்தை எடுத்து ஜாதகத்தோடு தரகருக்கு அனுப்பியிருக்கிறார். எங்களிடம் ஒரு வார்த்தை இல்லை. அவரைச் சொல்லியும் குற்றமில்லை, எங்களில் யாரும் எதற்கும் கேட்டுக்கொண்டதில்லை. வந்தவர்களில் ஓர் அம்மா காபி டம்ளரை வாங்கிக்கொண்டே, "போட்டோல வேற மாதிரில்ல இருந்துச்சு" என்றார். கெட்ட எண்ணத்தில் சொன்ன மாதிரிகூட இல்லை, உள்ளதைச் சொன்னார். சித்தி சமையலறைக்குள் போய்விட்டார். பாப்பா தட்டைப் பிடித்தபடி நின்றாள்.

அவர்கள் போனதும் பாப்பா செல்லை என் முன்னால் நீட்டினாள்.

"இது யாருண்ணே? என் சேலையக் கட்டிக்கிட்டு நிக்கிறா."

நான் என்னவோ லைட்டிங், அது இது என்று உளறினேன். அவள் விடவில்லை. உள்ளே போய்த் தன் டி.சி.யை எடுத்து வந்தாள். அங்க அடையாளங்கள் என்ற இடத்தில், வலது கன்னத்தில் ஒரு மச்சம் என்று எழுதியிருந்தது. "பள்ளிக்கூடத்துலயே சீல் போட்டுக் குடுத்துருக்காங்க. நீ அழிச்சுட்ட." அப்புறம் மூக்கைத் தொட்டுக் காட்டினாள். "இது எங்க?" முதல் மாசச் சம்பளத்தில் அவளே வாங்கிப் போட்ட மூக்குத்தி.

மன்னிப்புக் கேட்டேன். அவள் கேட்டது மன்னிப்பு இல்லை. "அந்தப் படம் எங்கெங்க இருக்கோ அங்கெல்லாம் இருந்து எடு" என்றாள். அங்கேதான் எனக்கு நிஜமான பாடம் தொடங்கியது.

ஸ்டேட்டஸ் பிரச்சினை இல்லை, 24 மணி நேரத்தில் தானாகப் போய்விட்டது. ஆனால் அதை யார் ஸ்கிரீன்ஷாட் எடுத்தார்கள் என்று எனக்குத் தெரியாது, வாட்ஸ்அப் அதைச் சொல்வதில்லை. குரூப்பில் போட்டதை எல்லாருக்கும் அழிக்கலாம் என்று போனால் அந்த வசதியே வரவில்லை. அனுப்பி 2 நாள் 12 மணி நேரத்துக்குள் இருந்தால்தான் Delete for everyone வேலை செய்யும். நான் போனது இரண்டு மாசம் கழித்து. நேரத்துக்குள் அழித்திருந்தாலும் முழுசாகப் போயிருக்காது. ஐபோன் வைத்திருப்பவர்களின் படத் தொகுப்பில் சேமித்த பிரதி அப்படியே இருக்கும். ஒருவர் இன்னொருவருக்கு ஃபார்வர்ட் செய்துவிட்டால் அது தனிச் செய்தி, நான் அழிப்பது அதைத் தொடாது. ஃபேஸ்புக்கில் மட்டும் இந்த விஷயம் கொஞ்சம் எளிது. நாம் போட்ட பதிவை அழித்தால் அதை ஷேர் செய்தவர்களிடமிருந்தும் காணாமல் போகும். அங்கேயும் இறக்கி வைத்துக்கொண்டவர்களை ஒன்றும் செய்ய முடியாது. டேக்கை எடுத்துவிட்டால் படம் போய்விடும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். பெயர்தான் போகும், படம் அங்கேயேதான் இருக்கும்.

ஆக, ஒவ்வொருவராகப் போன் போடுவதைத் தவிர வழியில்லை. அதிலும் முதல் நாள் ஒரு தப்புச் செய்தேன். "அந்தப் படத்த அழிச்சிருங்க" என்று மட்டும் சொன்னேன். எல்லாரும் சரி என்றார்கள், ஒருவரும் அழிக்கவில்லை. பெரியம்மா ஒருத்தர், "நல்லாத்தானப்பா இருக்கு, எதுக்கு அழிக்கணும்?" என்று சண்டைக்கே வந்துவிட்டார். தரகர் இன்னும் தெளிவாகச் சொன்னார்: "வேற படம் குடுங்க தம்பி, மாத்திடுறேன். படம் இல்லாம ஜாதகத்த எப்படி அனுப்புறது?" அவர் சொன்னது சரி. கையில் இருப்பதைப் பிடுங்கினால் யாரும் விட மாட்டார்கள். வேறொன்றைக் கொடுத்தால் பழையதைப் போடுவார்கள். மறுநாள் புதுப் படத்தைத் தயார் செய்து, "இதுதான் சரியான படம், முன்னாடி அனுப்புனதுல நான் கலர மாத்திட்டேன், தப்பு என்னோடது" என்று எழுதி அனுப்பினேன். தப்பு என்னுடையது என்ற வாக்கியம் முக்கியம். அது இல்லாவிட்டால் பெண் வீட்டார் ஏதோ மறைத்தார்கள் என்றுதான் பேச்சு போகும்.

அந்தப் புதுப் படத்தை அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துத்தான் செய்தேன். கேமரா எடுத்தபடியே வைத்திருக்கும் ராவ் கோப்பு பத்திரமாக இருந்ததால் முதலில் இருந்து தொடங்க முடிந்தது. எடிட் செய்ததையே அசலின் மேல் சேமித்திருந்தால் கதை முடிந்திருக்கும்.

வெளிச்சத்தைச் சரிசெய்வதும் நிறத்தை மாற்றுவதும் ஒன்றுபோலத் தெரியும், ஒன்றல்ல. படத்தில் அவளுக்குப் பின்னால் சித்தப்பா வெள்ளை வேட்டியில் நின்றிருந்தார். எது வெள்ளை என்று மென்பொருளுக்குக் காட்டுகிற சொட்டுக் குழாய்க் குறியை அந்த வேட்டியில் வைத்துச் சொடுக்கினேன். வேட்டி வெள்ளையானதும் படத்திலிருந்த ஆரஞ்சு போனது, அதோடு அவள் முகத்திலிருந்த ஆரஞ்சும் போனது. மொத்தப் படத்துக்கும் வெளிச்சத்தை அரை ஸ்டாப் கூட்டினேன். முகத்துக்கு மட்டும் என்று எதையும் செய்யவில்லை. இதுதான் வரம்பு. வேட்டிக்கும் சுவருக்கும் சேர்த்து நடக்கிற மாற்றம் வெளிச்சத்தைச் சேர்ந்தது. முகத்தை மட்டும் தனியாக வெட்டிச் செய்கிற மாற்றம் அந்த ஆளைச் சேர்ந்தது, அதற்கு அந்த ஆளிடம் கேட்க வேண்டும்.

முதல் படத்தில் கழுத்தையும் காதையும் பார்த்திருந்தால் எனக்கே தெரிந்திருக்கும். முகம் ஒரு நிறம், காது மடல் வேறு நிறம், நிலையைப் பிடித்திருந்த கை மூன்றாவது நிறம். தாடையைத் தள்ளிய இடத்தில் பின்னால் இருந்த நிலைக்கால் வில்லாக வளைந்திருந்தது. புது வீட்டுத் தேக்கு நிலை! தச்சர் பார்த்திருந்தால் அடிக்க வந்திருப்பார். யாராவது உங்கள் படத்தைத் திருத்திவிட்டுத் திருத்தவில்லை என்று சொன்னால் இந்த நாலு இடத்தைப் பாருங்கள்: காது, கழுத்து, கை, பின்னால் இருக்கிற நேர்கோடு.

பாப்பா திரையைப் பார்த்துவிட்டு, எழுந்து ஜன்னலோரம் போய்க் கைக்கண்ணாடியில் தன்னைப் பார்த்தாள். திரும்பி வந்து, "கண்ணுக்குக் கீழ கொஞ்சம் கறுப்பா இருக்கே, மூணு மணிக்கு எந்திரிச்சதுல. அத மட்டும் லேசாக்கு" என்றாள். லேசாக்கினேன். மச்சமும் மூக்குத்தியும் இருந்தன. எங்கள் தொழிலில் பெரியவர்கள் சொல்கிற கணக்கும் இதுதான்: பத்துப் பதினைந்து நாளில் தானாகப் போகிறதைத் தொடலாம், அதாவது பரு, வேர்வை மினுமினுப்பு, கன்னத்தில் ஒட்டிய முடி, தீற்றிய குங்குமம். கூடவே இருக்கிறதைத் தொடாதே, மச்சம், தழும்பு, நிறம், உடம்பு. நான் அதில் ஒன்று மட்டும் மாற்றிக்கொண்டேன். முதல் வகையையும் இப்போது கேட்டுவிட்டுத்தான் தொடுகிறேன்.

செல்போனில் எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நிறைய போன்களின் முன்கேமராவில் அழகூட்டும் வசதி வாங்கும்போதே ஓடிக்கொண்டிருக்கும். எடிட்டே பண்ணவில்லை என்று நினைத்துக்கொண்டு, தோழி முகத்தை வழவழப்பாக்கி அனுப்பிக்கொண்டிருப்போம். கேமரா அமைப்புக்குள் போய் அதைச் சுழியத்துக்கு இறக்கி வைப்பது நல்லது.

இவ்வளவு பட்டவன் அப்புறம் ஒழுங்காக இருந்திருக்க வேண்டும். இல்லை.

அடுத்த வருஷம் என் நண்பனுக்குக் கல்யாணம். அவன் அப்பா இறந்து ஆறேழு வருஷம் ஆகிறது. மேடைப் படத்தில் அப்பாவைச் சேர்த்துக் கொடுக்க முடியுமா என்று அவனே கேட்டான். நம் ஊர் ஸ்டுடியோக்களில் இது வழக்கமான வேலைதான். எங்கே போட வேண்டும் என்றும் கேட்டுவைத்தேன். ஃபேஸ்புக்கில் போடு, டேக் பண்ணு என்றான். கேட்டாயிற்று, அனுமதி வாங்கியாயிற்று. இந்த முறை எல்லாம் முறைப்படி என்ற நிம்மதியில் வேலையைத் தொடங்கினேன்.

அவன் அப்பாவுக்கு இருந்தது ஒரே ஒரு கறுப்பு வெள்ளைப் பாஸ்போர்ட் படம். தலை மட்டும் கிடைக்கும். உடம்புக்கு வேறொரு படத்திலிருந்து, அதே மாதிரி பருமனுள்ள ஒருவருடைய பட்டு வேட்டி சட்டையை எடுத்தேன். வெளிச்சம் வலப்புறம் இருந்து வருகிற மாதிரி பார்த்து, தலைக்கு நிறம் ஏற்றி, கேமராத் துகளைக் கலந்து, மகன் தோளில் ஒரு கை இருக்கிற மாதிரி வைத்தேன். சொல்லக்கூடாது, வேலை சுத்தமாக வந்திருந்தது. நண்பன் அழுதுவிட்டான். நூற்றுக்கணக்கில் லைக் வந்தது.

மூன்றாம் நாள் அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். அவன் அம்மா செல்லைத் தள்ளிப் பிடித்து அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாரோ சொந்தக்காரர் ஸ்டேட்டஸில் வைத்திருக்கிறார், அதில்தான் அவர் முதலில் பார்த்திருக்கிறார். என்னைப் பார்த்ததும் விரலை வைத்து, பெரிதாக்கிக் காட்டினார்.

"இந்தக் கை யாருதுப்பா?"

எனக்குப் புரியவில்லை.

"அவருக்கு இந்த விரல்ல மேக்கணு கிடையாது. கட்டிங் மெஷின்ல போச்சு. நீ அப்பப் பள்ளிக்கூடம் போய்க்கிட்டிருந்த."

அவர் அச்சாபீசில் கட்டிங்கில் இருந்தவர். எனக்கு அது தெரியும். தெரிந்தும், யாரோ ஒரு மாப்பிள்ளைச் சித்தப்பாவின் முழுக் கையை அவர் கையாக வைத்திருக்கிறேன். அந்த அம்மாவும் அதே படத்தில் இருக்கிறார், அந்தக் கைக்கு ஒரு முழ தூரத்தில். முகம் தெரியாத ஒருத்தரின் உடம்புக்குப் பக்கத்தில் அவரை நிறுத்தி ஊருக்குக் காட்டியிருக்கிறேன். மகனிடம் கேட்டேனே தவிர, படத்தில் நிற்கிற மனைவியிடம் கேட்கத் தோன்றவில்லை.

அவர் திட்டவில்லை. "அவனுக்கு ஆசை, இருந்துட்டுப் போகட்டும். ஊருக்குக் காட்ட வேணாம்" என்றார். நண்பனும் நானும் அன்றைக்கே பதிவை எடுத்தோம், ஸ்டேட்டஸ் வைத்தவர்களுக்குச் சொன்னோம். ஒரு வாரம் கழித்து அந்த அம்மாவிடம் தனியாகப் போய், உங்களுக்கு எப்படிப் படம் வேண்டும் என்று கேட்டேன். பழைய பாஸ்போர்ட் படத்தையே பெரிதாக்கித் தரச் சொன்னார். கீறலையும் ஸ்டேப்ளர் பின் துருவையும் மட்டும் எடுக்க வேண்டும், கறுப்பு வெள்ளையாகவே இருக்க வேண்டும். காதோரம் ஒரு வெள்ளைப் புள்ளி இருந்தது. அது பிரிண்டில் விழுந்த தூசியா, அவருக்கு இருந்ததா என்று கேட்டேன். "தூசிதான், எடுத்துரு" என்றார். எட்டுக்குப் பத்து அளவில் போட்டுக் கொடுத்தேன். சாமி அலமாரிக்குப் பக்கத்துச் சுவரில் இருக்கிறது. எந்த போனிலும் கிடையாது.

அதற்கப்புறம் நான் கேட்கிற விதம் மாறியது. முன்பெல்லாம் படத்தை குரூப்பில் போட்டுவிட்டு, "நல்லாருக்குல்ல?" என்று கேட்பேன். அது கேள்வியே இல்லை. நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது யார் இல்லை என்று சொல்வார்கள்? இப்போது தனியாக அனுப்புகிறேன். எடிட் செய்யாததையும் செய்ததையும் இரண்டையும் சேர்த்து அனுப்பி, என்ன செய்தேன் என்று ஒரு வரி எழுதுகிறேன். "வெளிச்சம் கூட்டியிருக்கேன், நெற்றியில் இருந்த பருவை எடுத்திருக்கேன், வேறு ஒண்ணும் தொடல. இதுல எது பிடிச்சிருக்கு? குரூப்புல மட்டும் போடவா, ஃபேஸ்புக்லயும் போடவா, இல்ல உங்ககிட்டயே இருக்கட்டுமா? பதில் வரலன்னா நான் போட மாட்டேன்." கடைசி வரிதான் ஆளை நிம்மதியாக்குகிறது. மறுப்பதற்கு ஒன்றுமே செய்ய வேண்டியதில்லை, சும்மா இருந்தால் போதும். எங்கள் வீடுகளில் அண்ணனிடமோ மாமாவிடமோ வாயைத் திறந்து வேண்டாம் என்று சொல்வது அவ்வளவு லேசு இல்லை. பாப்பாவின் மௌனத்தை நான் சம்மதமாக எடுத்துக்கொண்டது இப்படித்தான்.

எடிட் பண்ணச் சம்மதம் வேறு, போடச் சம்மதம் வேறு என்பதும் இந்தக் கேள்வியிலேயே பிரிந்துவிடுகிறது. என் அத்தை ஒருத்தர் பல்லிடுக்கைச் சரிசெய்து தரச் சொல்லி ஆசையாகக் கேட்டு வாங்கினார். போடவா என்றதும், "ஐயோ, பக்கத்து வீட்டுக்காரி சிரிப்பா" என்றார். அவர் பார்க்க மட்டும் அது.

கூட்டமாக நிற்கிற படத்துக்கு எல்லாரையும் கேட்க முடியாது என்பார்கள். முடியாதுதான். அதனால் கூட்டப் படத்தில் எந்த முகத்தையும் தனியாகத் தொடுவதில்லை, மொத்த வெளிச்சத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். எனக்குத் தெரிந்து ஒருவர், தம்பியோடு பேச்சுவார்த்தை இல்லை என்று குடும்பப் படத்திலிருந்து அவரை வெட்டி எடுத்துவிட்டுச் சுவரை ஒட்ட வைத்துப் போட்டார். அந்தத் தம்பியின் கை மட்டும் அம்மாவின் இடுப்பில் மிச்சம் இருந்தது. அந்தக் குடும்பத்தில் அதற்கப்புறம் நடந்ததை இங்கே எழுத முடியாது.

பாப்பாவுக்குப் போன தை மாசம் கல்யாணம் ஆனது. தரகருக்கு மாற்றிக் கொடுத்த படத்தைப் பார்த்துத்தான் வந்தார்கள். வரவேற்புப் படங்களில் ஒன்றை அவளே எனக்கு அனுப்பி எடிட் செய்யச் சொன்னாள். கீழே எழுதியிருந்தாள்: "நெத்தில இருக்க பருவ மட்டும் எடுண்ணே. அவங்க முகத்துல எதையும் தொடாத, அவங்ககிட்ட நான் இன்னும் கேக்கல. மச்சத்துல கை வச்ச, டி.சி.யோட வருவேன்."